எனக்கு 1,200 ரூபா குடுக்கணும்: திருத்தத்துக்குப் பக்கத்துல ஒரு வரி காரணம்

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றி, லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்கியத்தோட ஆரம்பிக்கிறேன். "எனக்கு கரண்ட் பில் 1,200 ரூபா குடுக்கணும்." இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன புரியுது? யாரோ எனக்கு 1,200 ரூபா பாக்கி வெச்சிருக்காங்க, அதை நான் கேக்கறேன். அவ்வளவுதானே?

இதை எழுதினவர் சொல்ல வந்தது நேர் எதிர். அவர்தான் 1,200 ரூபா கட்டணும். பீகார்லேர்ந்து வந்தவர், பெருங்களத்தூர்ல குடியிருக்கார், வேலை சானடோரியம் மெப்ஸ் உள்ள. மாடியில இருக்கற ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்பினார். ஆன்ட்டி உடனே போன் பண்ணி, "நான் எதுக்குப்பா உனக்குப் பணம் குடுக்கணும்?"னு கேட்டிருக்காங்க. பில்லைக் கட்ட நினைச்ச மனுஷன், பில்லைக் கேக்கற மனுஷனா ஆயிட்டார்.

ஞாயித்துக்கிழமைகள்ல சேலையூர்ல ஒரு சின்ன குழுவுக்கு நான் தமிழ் சொல்லித்தரேன். ஏழெட்டு பேர் வருவாங்க. பெரும்பாலும் ஹிந்தி பேசறவங்க, ரெண்டு பேர் ஒடியா. அங்கதான் இந்த மெசேஜ் எனக்கு வந்து சேர்ந்தது. அதை எப்படித் திருத்தினோம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல காரணத்தை எப்படி எழுதினோம், எங்க எழுதாம விட்டோம், இதுதான் இன்னைக்கு விஷயம். உங்க ஆபீஸ்ல, பக்கத்து வீட்டுல தமிழ் கத்துக்கற ஒருத்தர் "இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க"னு போனை நீட்டினா, இது உதவும்.

முதல்ல மெசேஜ்

முழு மெசேஜ் இதுதான். அவர் அனுமதியோட படிக்கிறேன்.

> ஆன்ட்டி வணக்கம். நாளைக்கு நாம ஊருக்கு போறோம். ட்ரெயின் நைட் வரான். அம்மாவுக்கு பாத்து ஒரு வருஷம் ஆச்சு. எனக்கு கரண்ட் பில் 1,200 ரூபா குடுக்கணும். சாவி உங்களுக்கு குடுக்கறேன். பத்து நாள் பிறகு வருவோம்.

ஆன்ட்டி போன் பண்ணினதும், கூட வேலை செய்யற ஒரு தமிழ் நண்பர்கிட்ட காட்டியிருக்கார். அந்த நண்பர் நல்ல மனசோட முழு மெசேஜையும் சரியான தமிழ்ல புதுசா டைப் பண்ணிக் குடுத்துட்டார். இவர் அதை அப்படியே அனுப்பினார். விஷயம் முடிஞ்சுது.

ஒரு மாசம் கழிச்சு கேன்டீன்காரருக்கு அனுப்பின மெசேஜ்ல திரும்பவும் "எனக்கு ஐநூறு ரூபா குடுக்கணும்"னு எழுதியிருக்கார். கேன்டீன்காரர் சிரிச்சுட்டார், நல்லவேளை. நண்பர் திருத்தினது மெசேஜை. எழுதற ஆளுக்கு அதுலேர்ந்து எதுவும் போய்ச் சேரல. பக்கத்துல சரியானதை வெச்சுப் பாத்தாலும், ஏழு இடத்துல எது ஏன் மாறுச்சுன்னு தானா கண்டுபிடிக்கற அளவுக்குத் தமிழ் தெரிஞ்சா, அவர் முதல்லயே சரியா எழுதியிருப்பாரே.

திருத்தறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

அந்தப் பண வாக்கியத்துல இன்னொரு சிக்கல் இருக்கு. "எனக்கு கரண்ட் பில் 1,200 ரூபா குடுக்கணும்." இலக்கணப்படி இதுல தப்பே இல்ல. நல்ல தமிழ் வாக்கியம். வேகமா படிச்சுட்டுப் போற யாரும் இதைத் தொடவே மாட்டாங்க. "வரான்"ல கோடு போடுவாங்க, "நாள் பிறகு"ல கோடு போடுவாங்க. மெசேஜ்லயே பெரிய தப்பு தப்பிச்சுடும்.

அதனால பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்ன சொல்ல நினைச்சீங்க?"னு கேக்கணும். அவரோட மொழியிலயே சொல்லட்டும். இவர் சொன்னது, "முஜே பாரா சௌ ருப்யே தேனே ஹைன்." அதைக் கேட்டதும் காரணம் கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது. ஹிந்தியில கட்டாயத்தைச் சொல்லும்போது, வேலையைச் செய்ய வேண்டியவருக்கு "முஜே" வரும். "முஜே ஜானா ஹை"ன்னா நான் போகணும். "முஜே தேனா ஹை"ன்னா நான் குடுக்கணும். அவர் "முஜே"வை "எனக்கு"ன்னு மாத்தினார். அகராதிப்படி சரி. ஆனா தமிழ்ல "குடுக்கணும்"க்கு முன்னாடி "எனக்கு" வந்தா, அது வாங்கிக்கறவரைக் காட்டும்.

சுவாரஸ்யம் என்னன்னா, இதே "முஜே = எனக்கு" கணக்கு வேற நிறைய இடத்துல அவரைக் காப்பாத்துது. எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்குது, எனக்கு டீ வேணும். இது எல்லாத்துலயும் ஹிந்தியிலயும் "முஜே"தான். ஆங்கிலம் வழியா தமிழ் படிக்கறவங்க "நான் டீ வேணும்"னு தடுமாறுவாங்க. ஹிந்திக்காரங்களுக்கு அங்க சிக்கலே இல்ல. பத்து தடவை சரியா வந்த கணக்கு, பதினோராவது தடவை காலை வாருது. அதனாலதான் வெறும் சரியான விடையைப் பாத்து அவரால இதைப் பிடிக்க முடியல.

ஏழு இடம், மூணு குறிப்பு

இந்த மெசேஜ்ல மாத்த வேண்டிய இடம் ஏழு. ஏழுக்கும் விளக்கம் எழுதினா மெசேஜைவிடக் குறிப்பு நீளமாயிடும், அவர் எதையும் படிக்க மாட்டார். அதனால ஒவ்வொரு இடத்துலயும் மூணு விஷயம் பாத்தோம். அர்த்தம் மாறுதா? ஒரு வரியில சொல்லக்கூடிய விதி இருக்கா? அடுத்த வாரமும் இது வருமா? மூணுக்கும் ஆமான்னா குறிப்பு. இல்லைன்னா வேற வழி.

குறிப்பு வாங்கினது மூணு. "நாம", "அம்மாவுக்கு", "எனக்கு". மத்த நாலை முதல்ல சொல்லிடறேன்.

"ட்ரெயின் வரான்." இதுல கோடு மட்டும் போட்டேன், விடை எழுதல. ஏன்னா போன வாரம் அவரே "பஸ் வருது"னு சரியா எழுதியிருக்கார். விதி தெரியும், அவசரத்துல நழுவிடுச்சு. பிட் கார்டர்னு ஒரு மொழியியலாளர் 1967-லயே இந்த வித்தியாசத்தைப் பத்தி எழுதினார். தெரிஞ்சும் நழுவறது ஒண்ணு, தெரியாம தொடர்ந்து ஒரே மாதிரி பண்றது இன்னொண்ணு. நழுவினதுக்கு விளக்கம் குடுத்தா, "இது எனக்குத் தெரியுமே"ன்னு எரிச்சல்தான் வரும். கோட்டைப் பாத்ததும் அவரே "வருது"ன்னு மாத்தினார்.

"பத்து நாள் பிறகு." இதை "பத்து நாள் கழிச்சு"ன்னு மாத்தி, பக்கத்துல "வ"னு ஒரு எழுத்து மட்டும் போட்டேன். வ-ன்னா வழக்கு. நாம இப்படித்தான் சொல்வோம், யோசிக்க வேண்டாம், அப்படியே எடுத்துக்கோங்கன்னு அர்த்தம். "பிறகு" வரணும்னா "நாளுக்குப் பிறகு"ன்னு -க்கு சேரணும்னு விளக்கலாம். ஆனா "கழிச்சு"ங்கற ஒரு வார்த்தை கைவசம் இருந்தா அவர் வேலை நடக்குது.

"சாவி உங்களுக்கு குடுக்கறேன்." இதை "சாவிய உங்ககிட்ட குடுக்கறேன்"னு மாத்தினேன், காரணம் எழுதல. காரணம் இருக்கு. ஒரு பொருளைக் கையில ஒப்படைக்கறதுக்கு "கிட்ட", அவங்களுக்கே சொந்தமா தர்றதுக்கு "-க்கு". ஆனா இதே மெசேஜ்ல -க்கு பத்தி ஏற்கனவே ரெண்டு குறிப்பு இருக்கு. மூணாவதா -க்கு பத்தியே இன்னொண்ணு வந்தா மூணும் தலைக்குள்ள முட்டிக்கும். இது அடுத்த மாசத்துக்கு.

கடைசியா "ஊருக்கு போறோம்." இலக்கணப்படி "ஊருக்குப் போறோம்", ப் வரணும். தொடவே இல்ல. நம்மள்ல எத்தனை பேர் வாட்ஸ்அப்ல ஒற்று போடறோம்? ஸ்கூல்ல தமிழ் பேப்பர் பூரா சிவப்புல க், ச், த், ப்னு வாங்கினவங்களுக்குத் தெரியும், அந்தச் சிவப்புக்கு நடுவுல முக்கியமான தப்பு எதுன்னு தெரியாமலே போயிடும். அவர் ஒரு நாள் விண்ணப்பக் கடிதம் எழுதும்போது ஒற்றைப் பாத்துக்கலாம்.

குறிப்பு எப்படி இருக்கணும்

இப்ப அந்த மூணு. போன்லயே திருத்தினோம். வாட்ஸ்அப்ல ஒரு வார்த்தையோட ரெண்டு பக்கமும் ~ போட்டா அடிச்ச மாதிரி கோடு விழும், * போட்டா தடிமனா வரும். அடிச்சது அவரோடது, தடிமன் திருத்தினது. வாக்கியத்துக்குக் கடைசியில ஒரு எண். குறிப்பு தனி மெசேஜா கீழ. டைப் பண்ணினது இப்படி:

```
நாளைக்கு ~நாம~ *நாங்க* ஊருக்கு போறோம். [1]
~அம்மாவுக்கு~ *அம்மாவ* பாத்து ஒரு வருஷம் ஆச்சு. [2]
~எனக்கு~ *நான்* கரண்ட் பில் 1,200 ரூபா குடுக்கணும். [3]
```

அவரோட பழைய வார்த்தையை அழிக்காம கோடு போட்டு விட்டதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாதான் என்ன மாறுச்சுன்னு தெரியும். நண்பர் குடுத்த சுத்தப் பிரதியில இல்லாதது அதுதான்.

குறிப்பு 1: "கேக்கறவங்களும் சேர்ந்தா நாம. சேரலைன்னா நாங்க. ஆன்ட்டி ட்ரெயின்ல ஏறறாங்களா? இல்ல. அப்ப நாங்க." ஹிந்தியில ரெண்டுக்கும் "ஹம்"தான், அதனால அவருக்கு இப்படி ஒரு பிரிவு இருக்குன்னே தெரியாது. குறிப்புல நான் முக்கியமா நினைக்கறது அந்தக் கேள்வியைத்தான். அடுத்த தடவை நான் பக்கத்துல இல்லாதப்ப, அவர் தன்னையே கேட்டுக்க முடியற கேள்வி அது.

குறிப்பு 2: "ஹிந்தி 'கோ'வுக்குத் தமிழ்ல ரெண்டு வார்த்தை. யாரை? அம்மாவ. யாருக்கு? அம்மாவுக்கு. பாக்கறது யாரை? அம்மாவ. பணம் அனுப்பறது யாருக்கு? அம்மாவுக்கு." எழுத்துல "அம்மாவை", பேச்சுல "அம்மாவ". அவர் பேச்சுத் தமிழ்லதான் மெசேஜ் எழுதறார், அதனால திருத்தமும் பேச்சுலயே. அவர் "போறோம்"னு எழுதின இடத்தை "செல்கிறோம்"னு மாத்தினா அது திருத்தம் இல்ல, வேற ஒரு தமிழுக்கு அவரை இழுத்துட்டுப் போறது. அதுக்குக் காரணம் எழுதவும் முடியாது.

இந்தக் குறிப்புல "இரண்டாம் வேற்றுமை"ன்னு பேர் போடல. நமக்கு அந்தப் பேர் ஸ்கூல்லேர்ந்து தெரியும், அவருக்கு அது ஒண்ணுமே சொல்லாது. அவர் ஹிந்தி மீடியத்துல படிச்சவர். "கர்ம காரக், சம்ப்ரதான் காரக்"னு வாயால சொன்னப்ப சட்டுனு பிடிச்சுக்கிட்டார். ரெண்டுக்கும் "கோ" வரும்னு ஏற்கனவே மனப்பாடம் பண்ணினவர்தானே. ஆள் யாரோ, அவருக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்லணும்.

குறிப்பு 3, நம்ம 1,200 ரூபா. "குடுக்கறது யாரு? நான். அப்ப: நான் குடுக்கணும். எனக்கு குடுக்கணும் = எனக்குப் பணம் வரணும். முஜே தேனா ஹை = நான் குடுக்கணும். ஆனா தனியா 'வேணும்'னா எனக்குத்தான்: எனக்கு டீ வேணும், நான் டீ குடிக்கணும்."

இது மத்ததைவிட நீளம். அந்தக் கடைசி வரி இல்லாம சுருக்கமா "-ணும் வந்தா 'நான்' போடு"ன்னு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த வாரம் டீக்கடையில "நான் டீ வேணும்"னு கேட்டிருப்பார். இத்தனை நாள் சரியா சொல்லிட்டிருந்ததும் கெட்டுப் போயிருக்கும். விதி அளவுக்கு மீறி அகலமா இருந்தா, அது சரியா இருக்கற இடத்தையும் போய்த் தின்னும். இதுக்கு முன்னாடி வராத ஒரு புதுத் தப்பு, குறிப்பு குடுத்த அடுத்த வாரம் திடீர்னு முளைச்சா, முதல்ல அந்தக் குறிப்பைச் சந்தேகப்படணும். அதனால குறிப்புல விதியோட, அது எங்க நிக்குதுங்கறதும் வரணும். அதுக்கு நீளமான விளக்கம் வேண்டாம், பக்கத்துல பக்கத்துல ரெண்டு வாக்கியம் போதும். டீ வேணும், டீ குடிக்கணும்.

இது வேலை செய்யுதா?

திருத்தறதால பிரயோஜனம் உண்டாங்கறதே பெரிய சண்டை. 1996-ல ஜான் டிரஸ்காட்னு ஒரு ஆய்வாளர், மாணவர்கள் எழுதினதுல இலக்கணம் திருத்தறதையே நிறுத்தணும், அதனால பலன் இல்லைன்னு கட்டுரை எழுதினார். டேனா ஃபெரிஸ் அதை மறுத்து எழுதினாங்க. விதியால விளக்கக்கூடிய தப்பு வேற, விளக்க முடியாத வழக்கு வேற, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்கங்கறது அவங்க வாதத்துல ஒரு பகுதி. என் "வ" குறியோட பின்னாடி இருக்கறது அதுதான்.

நமக்கு நேரா உதவற ஆய்வு, 2007-ல யங்ஹீ ஷீன் பண்ணினது. ஆங்கிலத்துல "எ", "தி" எங்க வரும்ங்கறதை எடுத்துக்கிட்டாங்க. ஒரு குழுவுக்குச் சரியான விடை மட்டும், இன்னொரு குழுவுக்கு விடையோட காரணமும், மூணாவது குழுவுக்கு எதுவும் இல்ல. திருத்தம் வாங்கின ரெண்டு குழுவும் மூணாவதைவிட நல்லா பண்ணுச்சு. கொஞ்ச நாள் இடைவெளி விட்டு வெச்ச பரீட்சையில, காரணம் பாத்தவங்க வெறும் விடை பாத்தவங்களையும் தாண்டிட்டாங்க. ஆனா அதுல எடுத்துக்கிட்டது ஒரே ஒரு இலக்கணக் கூறுங்கறதை மறந்துடாதீங்க. ஒரு மெசேஜ்ல பதினைஞ்சு விதி எழுதினாலும் இதே பலன் கிடைக்கும்னு அது சொல்லல.

எங்க வகுப்புல இதை எப்படிப் பாக்கறோம்னா, அடுத்த வார மெசேஜ்ல அதே தப்பு வந்தா விடை எழுத மாட்டேன். வார்த்தைக்குக் கீழ கோடு, பக்கத்துல "3". அவ்வளவுதான். அவர் பழைய குறிப்பைத் தேடிப் பாத்துத் திருத்தணும். திருத்த முடிஞ்சா குறிப்பு புரிஞ்சிருக்கு. எண்ணைப் பாத்தும் முடியலைன்னா குறிப்பு சரியில்ல, வேற உதாரணத்தோட திரும்ப எழுதணும். கோடே போடாம அவரே சரியா எழுதிட்டா, அந்த எண்ணை நோட்டுல அடிச்சுடலாம்.

ஆனா அதே வாக்கியத்தைச் சரியா எழுதறது பத்தாது. "நான் குடுக்கணும்"னு மனப்பாடம் பண்ணிக்கலாம். அதனால புது இடத்துல வெச்சுக் கேட்டேன். குழந்தைக்கு ஜுரம், டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து குடுக்கச் சொல்லியிருக்கார், ஆபீஸ்ல பர்மிஷன் கேக்கணும். "முஜே தவாயி தேனி ஹை." கொஞ்ச நேரம் யோசிச்சார். உதடு அசைஞ்சுது, "குடுக்கறது யாரு?"ன்னு தன்னையே கேட்டுக்கறது தெரிஞ்சுது. "நான் மருந்து குடுக்கணும்"னு எழுதினார். "எனக்கு மருந்து குடுக்கணும்"னு எழுதியிருந்தா சூப்பர்வைசர் குழந்தையை விட்டுட்டு இவருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டிருப்பார்.

நாம, நாங்க மட்டும் இன்னும் பாதி தூரம்தான் வந்திருக்கு. எழுதும்போது சரியா வருது, பேசும்போது "நாம"தான். எழுதும்போது கேள்வி கேட்டுக்க நேரம் இருக்கு, பேச்சுல இல்ல. எழுத்துல குடுக்கற குறிப்பு பேச்சுக்குப் போய்ச் சேர ரொம்ப நாள் ஆகும், சிலது சேராமலே போகும். அதுக்கு வேற பயிற்சி.

போன ஞாயித்துக்கிழமை அவரே ஒரு கேள்வியோட வந்தார். எலக்ட்ரிக் ட்ரெயின்ல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க பேசிட்டு வந்ததைக் கேட்டிருக்கார். ஒரு பொண்ணு, "எனக்கு அழணும் போல இருக்குடி"ன்னு சொல்லியிருக்கு. "அழறது அந்தப் பொண்ணுதானே? அப்ப மூணாம் நம்பர்படி 'நான்'தானே வரணும்? அவங்க சொன்னது தப்பா?"ன்னு கேட்டார்.

தப்பு இல்ல. அந்த "எனக்கு" சேர்றது "அழணும்"கூட இல்ல, "போல இருக்கு"கூட. எனக்குத் தூக்கம் வர்ற மாதிரி இருக்கு, எனக்கு அழணும் போல இருக்கு. உணர்றவருக்கு "எனக்கு". அதை அவர் நோட்டுல மூணாம் குறிப்புக்குக் கீழ "3அ"ன்னு எழுதிக்கிட்டோம். முதல் நாளே இதையும் சேர்த்து எழுதியிருந்தா அவருக்கு எதுவும் நின்னிருக்காது. விதியை வெச்சுக்கிட்டு ட்ரெயின்ல மத்தவங்க பேசறதைச் சோதிச்சுப் பாக்கற அளவுக்கு வந்தப்புறம், விதிவிலக்கு தானா வந்து உக்காந்துடுச்சு.

உங்ககிட்ட யாராவது போனை நீட்டினா, முழுசா டைப் பண்ணிக் குடுத்துடாதீங்க. என்ன சொல்ல நினைச்சீங்கன்னு கேளுங்க. ஒரே ஒரு வார்த்தைக்குக் கோடு போட்டு, பக்கத்துல ஒரு கேள்வி எழுதுங்க. அப்படித் திருத்தின அனுபவம் இருந்தா எங்களுக்கு எழுதுங்க, குறிப்பா நீங்க எழுதின விதி எந்த இடத்துல உடைஞ்சுதுன்னு. அடுத்த எபிசோடுல பாப்போம்.